நேற்றைய குழம்பும் ஓராண்டுச் சாப்பாடும்

சமூக மருத்துவமும் ஊட்டச்சத்தியலும் படிப்பவர்களுக்குத் தேர்வில் தவறாமல் வருகிற ஒரு கேள்வி உண்டு. ஓர் ஊரைச் சொல்லி, அங்கே நடக்கப்போகும் ஆய்வைச் சொல்லி, மக்கள் சாப்பிடுவதை எந்த முறையில் அளப்பீர்கள் என்று கேட்பார்கள். நான்கு விடைகள் கொடுத்திருக்கும். நன்றாகப் படித்தவர்களே தடுமாறுகிற கேள்வி இது. அப்படி ஒன்றை நாமே அமைத்துக்கொண்டு, அதன் உள்ளே நிதானமாக நடந்து பார்க்கலாம். ஊராகக் காட்டுப்பள்ளியை எடுத்துக்கொள்வோம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூருக்கு வடக்கே, கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்திட்டு அது. வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. இப்போது அங்கே துறைமுகமும் இருக்கிறது, மீனவக் குப்பங்களும் இருக்கின்றன. கேள்வி இதுதான்: காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரையுள்ள குப்பங்களில் 2000 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப் போகிறோம். மீன் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறதா என்று தெரிய வேண்டும். தொடக்கத்தில் அவர்கள் உணவை எப்படி அளப்பது? ஒரு நாள் முழுக்கத் தராசு வைத்து நிறுத்தா, நேற்று சாப்பிட்டதை ஒரு தடவை கேட்டா, ஓராண்டுப் பழக்கத்தைக் கேட்கும் வினாப்பட்டியலாலா, வீட்டுச் செலவுக் கணக்கைப் பார்த்தா?

பெரும்பாலானோர் தராசைத் தேர்ந்தெடுப்பார்கள். நிறுத்தால் பொய் வராது, மறதி வராது, கிராம் கணக்கில் துல்லியம் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். அந்த விடை தவறு. ஏன் தவறு என்று புரிந்துவிட்டால் மற்ற மூன்று முறைகளும் தாமாகவே தெளிந்துவிடும். அதனால் அங்கே அவசரப்படாமல் போவோம். முதலில் ஒவ்வொரு முறையும் நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இந்தியாவில் அதிகம் பயன்பட்டிருப்பது 24 மணிநேர உணவு நினைவுகூரல். களத்தில் இருப்பவர்கள் சுருக்கமாக ரீகால் என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1972-இல் தொடங்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் இந்த முறையைக் கையாண்டது. அந்த நிறுவனத்தின் வேர் நம் குன்னூரில்தான் இருக்கிறது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறிய கூடமே பிறகு வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது.

ரீகால் எடுக்க வருபவரின் பையில் அளவுக் கிண்ணங்களும் கரண்டிகளும் இருக்கும். வீட்டில் சமைப்பவரை உட்கார வைத்து, “நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்னம்மா சாப்பிட்டீங்க?” என்று தொடங்குவார். முதலில் குறுக்கே பேசாமல், சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார். பிறகு மறந்துபோகக்கூடியவற்றைத் தனியாகக் கேட்பார்: டீ, பொறை, பிள்ளை வைத்த மிச்சம், ஏலக்கூடத்தில் நின்றுகொண்டே தின்ற வடை. பிறகு நேரம், இடம், அளவு. கடைசியாக முழுவதையும் வாசித்துக் காட்டி, விட்டது ஏதும் உண்டா என்று கேட்பார். அமெரிக்க வேளாண் துறை இதையே ஐந்து சுற்றாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியிருக்கிறது. ஒரே நாளைப் பல முறை சுற்றிவருவதால்தான் மறந்தது மேலே வருகிறது.

இனி அளவு. ஒருவர் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதில்லை. ஒரே சட்டிக் குழம்பு, ஐந்து பேர். அதனால் இந்திய முறையில் முதலில் பச்சையாக என்னென்ன எவ்வளவு போட்டார்கள் என்று கேட்பார்கள். பிறகு சமைத்த மொத்தம் எத்தனை கிண்ணம், இவர் தட்டுக்கு வந்தது எத்தனை கிண்ணம் என்று கேட்பார்கள். மடவை மீன் கழுவி வெட்டிய பின் 800 கிராம், குழம்பு மொத்தம் 16 கிண்ணம், அந்த அம்மாள் ஊற்றிக்கொண்டது 2 கிண்ணம் என்றால், எட்டில் ஒரு பங்கு. ஆகவே மீன் 100 கிராம் என்று கணக்கு எழுதப்படும். அதை உணவுச் சத்து அட்டவணையில் வைத்துப் பார்த்தால் புரதம், கொழுப்பு எல்லாம் வந்துவிடும். 2017-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன.

சாம்பாருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். பருப்பு கரைந்து எல்லாக் கரண்டியிலும் ஒரே மாதிரி வருகிறது. மீன் குழம்பில் அப்படி இல்லை. துண்டுகள் தனி, சாறு தனி. கடலுக்குப் போய் வந்தவருக்கு நடுத்துண்டு, பிள்ளைகளுக்கு முள் எடுத்த சதை, கடைசியில் உட்காருபவருக்குத் தலையோ வெறும் சாறோ. அந்த அம்மாள் ஊற்றிக்கொண்ட இரண்டு கிண்ணத்தில் ஒரு சிறு துண்டுதான் இருந்தது என்றால் அவர் தின்றது 100 கிராம் இல்லை, 30 கிராம்கூட இருக்காது. நம் கணக்கு அவருக்கு மூன்று பங்கு புரதத்தைத் தாளில் மட்டும் கொடுத்துவிட்டது. ஆகவே மீன், கறி, முட்டை விஷயத்தில் கிண்ணத்தை நம்பாமல் துண்டை எண்ண வேண்டும், அந்தத் துண்டின் அளவைக் கேட்க வேண்டும். அனுபவமுள்ள கணக்கெடுப்பாளர்கள் இதைக் கேட்காமல் எழுந்துபோக மாட்டார்கள். கடற்கரை ஊர்ப் பெண்களின் ஊட்டச்சத்தைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும், துண்டை எண்ணினீர்களா என்று நாம் கேட்டுவிட வேண்டும்.

நான்காவது விடையான வீட்டுச் செலவுக் கணக்கின் குறையும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தும் நுகர்வுச் செலவு ஆய்வு, குடும்பம் மொத்தமாக என்ன வாங்கியது, என்ன உண்டது என்று கேட்கும். சொந்த வலையில் விழுந்து குழம்புக்கு ஒதுக்கிய மீனையும் மதிப்புப் போட்டுச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அந்த வீட்டுக்குள் யார் தட்டில் எது விழுந்தது என்று அதற்குத் தெரியாது. நாட்டின் வறுமையைக் கணிக்க அது போதும். இந்த ஆளுக்கு மாரடைப்பு வந்தது, அந்த ஆளுக்கு வரவில்லை என்று ஆள்வாரியாகப் பார்க்க வேண்டிய ஆய்வுக்குப் போதாது.

அந்தக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு பாடம் மட்டும் நமக்கு வேண்டும். 1999-2000-இல் நடந்த 55-ஆவது சுற்றில், உணவுச் செலவை ஒரே வீட்டில் 7 நாள் கணக்காகவும் 30 நாள் கணக்காகவும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டார்கள். இரண்டில் ஒன்றைச் சொன்னவர் அதையே பெருக்கி மற்றதையும் சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அந்தச் சுற்றின் வறுமை எண்களை முந்தைய சுற்றுகளோடு ஒப்பிடலாமா என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். எத்தனை நாளைப் பற்றிக் கேட்கிறோம் என்பது வெறும் படிவ விவகாரம் இல்லை. கிடைக்கும் விடையையே அது மாற்றுகிறது.

இப்போது தராசுக்கு வருவோம். ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து, தட்டில் விழுவதையெல்லாம் நிறுத்து, மிச்சம் வைத்ததையும் கழித்து எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நாளைப் பற்றி இதைவிடச் சரியான தகவல் கிடையாது. ஆனால் நம் கேள்வி அந்த நாளைப் பற்றியதா? மாரடைப்பு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டால் வருவதில்லை. பல ஆண்டுகளாக ஒருவர் வழக்கமாக எவ்வளவு மீன் சாப்பிடுகிறார் என்பதே நமக்கு வேண்டும். ஒரு மீனவரின் ஒரு நாள் பாட்டை ஏலக்கூடத்துத் தராசில் எவ்வளவு துல்லியமாக நிறுத்தாலும், அவர் ஆண்டு முழுக்க எப்படிச் சம்பாதிக்கிறார் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். உணவும் அதே போலத்தான். எல்லோரும் வழுக்குகிற இடம் இது: நாம் தேடுவது இல்லாத இடத்தில் அளவின் துல்லியம் எவ்வளவு கூடினாலும் பயனில்லை.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாமே வைத்துக்கொண்டவை. அக்கம்பக்கத்து வீடுகளில் இரண்டு பெண்கள். முதலாமவர் ஒரு வாரத்தில் நாள்வாரியாகச் சாப்பிட்ட மீன் 0, 120, 40, 0, 150, 60, 50 கிராம். கூட்டினால் 420, நாளுக்குச் சராசரி 60. இரண்டாமவருக்கு 100, 0, 180, 120, 80, 150, 70. கூட்டினால் 700, சராசரி 100. இரண்டாமவர்தான் அதிகம் மீன் சாப்பிடுபவர், சந்தேகமே இல்லை. நாம் தராசோடு போனது இரண்டாம் நாள். முதலாமவருக்கு 120, இரண்டாமவருக்குச் சுழியம். வெள்ளிக்கிழமை என்று வீட்டில் மீன் சமைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தராசில் ஒரு கிராம்கூடப் பிழை இல்லை. ஆனால் யார் அதிகம் சாப்பிடுபவர் என்ற கேள்விக்கு நம் ஏட்டில் தலைகீழான விடை ஏறிவிட்டது.

ஒரே ஆள் நாளுக்கு நாள் மாறும் இந்த ஏற்ற இறக்கத்தை ஆளுக்குள் மாறுபாடு என்கிறார்கள். இவருடைய வழக்கமும் அவருடைய வழக்கமும் வேறுபடுவது ஆளுக்கு ஆள் மாறுபாடு. இந்த இரண்டில் எது பெரியது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சோற்றுக்கு முதலாவது சிறியது. தினமும் ஏறத்தாழ அதே அளவுச் சோறுதான் தட்டில் விழும். மீனுக்கோ கீரைக்கோ ஈரலுக்கோ அது மிகப் பெரியது. இன்று நிறைய, நாளை ஒன்றுமில்லை.

ஆளுக்குள் மாறுபாடு மற்றதைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மீனுக்கும் உடலில் நாம் பார்க்கும் ஏதோ ஓர் அளவுக்கும் உண்மையான ஒட்டுறவு 0.4. ஒரே நாள் கணக்கை வைத்துப் பார்த்தால் அது 0.2 என்றுதான் தெரியும். உண்மையில் இருக்கும் தொடர்பு பாதியாகச் சுருங்கிப்போகிறது. ஆய்வு முடிவில், “மீனுக்கும் இதய நோய்க்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை” என்று எழுதிவிடுவார்கள். தொடர்பு அங்கேதான் இருந்தது. ஒரு நாள் கணக்கு அதை மூடிவிட்டது. ஆய்வுகளைப் படிக்கும்போது, தொடர்பு இல்லை என்ற முடிவைக் கண்டால் உணவை எத்தனை நாள் அளந்தார்கள் என்று முதலில் பார்க்கும் பழக்கம் இதனால்தான் வேண்டும்.

அப்படியானால் எத்தனை நாள் போதும்? அதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. தேர்வில் இதையும் கேட்பார்கள்.

```
n = [r² / (1 − r²)] × (sw² / sb²)
```

இதில் r என்பது நாம் அளந்த சராசரியும் அவருடைய உண்மையான வழக்கமும் எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்று நாம் வைக்கும் இலக்கு. sw², sb² இரண்டும் முறையே ஆளுக்குள் மாறுபாடும் ஆளுக்கு ஆள் மாறுபாடும். இலக்கு 0.9 என்றால் 0.81-ஐ 0.19-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்க 12.8 வருகிறது. ஒவ்வொருவருக்கும் 13 நாள். இலக்கை 0.8-க்கு இறக்கினால் 6 நாள் போதும். 2000 பேருக்கு 13 நாள் என்றால் 26,000 நேர்காணல்கள். யாராலும் முடியாது என்பதில்லை, ஆனால் அதற்கான பணமும் ஆளும் நம் நாட்டில் பெரும்பாலான ஆய்வுகளுக்குக் கிடைப்பதில்லை.

அந்த நாள்களை எப்படிப் பொறுக்குவது என்பதும் பெரிய விஷயம். பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு. வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று இவருக்கு நல்ல இடம், அடுத்து அவருக்கு. நல்ல பாடு கிடைத்த நாளில் குழம்புச் சட்டி நிறையும், அடுத்த நாள் அந்த மிச்சமே காலை உணவாகும். ஆகவே திங்கள், செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்து மூன்று நாள் கேட்டால் மூன்று தனித்தனித் தகவல்கள் கிடைத்ததாக ஆகாது. ஒரே தகவலையே மூன்று தரம் எழுதிக்கொண்டிருப்போம். நாள்களை இடைவெளி விட்டு எடுக்க வேண்டும், ஞாயிறும் சேர வேண்டும், வடகிழக்குப் பருவமழைக் காலமும் சேர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. கடல் மீன் குறைந்து கருவாடும் ஏரி மீனும் சட்டியில் ஏறும் அந்த 61 நாளையும் விட்டுவிடக் கூடாது.

இத்தனை சிரமத்துக்கு மாற்றாகத்தான் மூன்றாவது விடை வந்தது. உணவு நிகழ்வெண் வினாப்பட்டியல் என்பது அதன் பெயர். ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகத் துரத்தாமல், கடந்த ஓராண்டில் இந்த உணவை எத்தனை தடவை சாப்பிட்டீர்கள் என்று நேராகக் கேட்டுவிடுவது. தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை, எப்போதும் இல்லை என்று விடைகள். ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்டால் அது பாதி அளவு சார்ந்த பட்டியல். 1980-இல் அமெரிக்கச் செவிலியர்களிடையே நடந்த பெரிய ஆய்வில் 61 உணவுகள் கொண்ட பட்டியலை வைத்தார்கள். அது தேறுமா என்று பாஸ்டனில் 173 பெண்களிடம் சோதித்தார்கள். அவர்கள் ஓராண்டில் நான்கு தடவை, தடவைக்கு ஒரு வாரமாக, தங்கள் உணவை நிறுத்து எழுதினார்கள். அந்த முடிவுகளை வால்டர் வில்லெட்டும் கூட்டாளிகளும் 1985-இல் வெளியிட்டார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, தன் சென்னை நகர்ப்புற-கிராமப்புற நோய்ப்பரவல் ஆய்வுக்காக 222 உணவுகள் கொண்ட பட்டியலை உருவாக்கி, அதைப் பல நாள் ரீகாலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து 2006-இல் வெளியிட்டது. இட்லி, தோசை, பொங்கல் என்று நம் சாப்பாட்டு வேளைகளின் வரிசையிலேயே அமைந்த பட்டியல் அது.

வினாப்பட்டியல் சொல்லும் கிராமை அப்படியே நம்ப முடியாது. “மாசத்துல எத்தினி தபா மத்தி சாப்புடுவீங்க?” என்றால் யாரும் எண்ணி வைத்துக்கொண்டா இருக்கிறார்கள்? ஒரு தோராயம் வரும். பட்டியல் நீண்டால் காய்கறி எல்லாம் கூடிப்போகும், ஒரு நாளைக்கு யாராலும் சாப்பிட முடியாத மொத்தம் வரும். ஆனால் இங்கே நமக்குக் கிராம் தேவையில்லை. 2000 பேரையும் அதிகம் சாப்பிடுபவர், நடுத்தரம், குறைவு என்று வரிசைப்படுத்தினால் போதும். மேல் வரிசையில் இருப்பவர்களுக்கும் கீழ் வரிசையில் இருப்பவர்களுக்கும் பத்தாண்டில் மாரடைப்பு எப்படி வந்தது என்று ஒப்பிடத்தான் போகிறோம். நாம் சொன்ன இரண்டு பெண்களில் ஒருவர் “வாரத்துல நாலஞ்சு நாளு” என்றும் மற்றவர் “அனேகமா தெனமும்” என்றும் சொல்லிவிட்டாலே அவர்கள் சரியான வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆகவே கேள்விக்கு விடை வினாப்பட்டியல்.

சென்னைப் பட்டியலை அப்படியே காட்டுப்பள்ளிக்குக் கொண்டுபோகலாமா என்றால், கூடாது. நகரத்துக்காகச் செய்த பட்டியலில் மீனுக்குச் சில வரிகள் இருந்தால் போதும். இங்கே எல்லோருமே மீன் சாப்பிடுகிறார்கள். எல்லோரும் ஒரே கட்டத்தில் குறி போட்டால் வரிசைப்படுத்துவது எப்படி? முள்ளோடு மெல்லும் நெத்திலிக்குத் தனி வரி வேண்டும், ஏனென்றால் அதில் வரும் சுண்ணாம்புச்சத்து முள் எடுத்த மீனில் வராது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீனுக்குத் தனி வரி வேண்டும், இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் கொழுப்பு அமிலங்கள் அவற்றில்தான் அதிகம். மடவை, கிழங்கான், இறால், நண்டு, கருவாடு ஒவ்வொன்றும் தனித்தனி. வறுத்ததா குழம்பா என்றும் கேட்க வேண்டும். “வருஷத்துக்கு எத்தனை முறை” என்று கேட்காமல், தடைக்காலத்தில் எப்படி, மழைக்காலத்தில் எப்படி, மற்ற நாளில் எப்படி என்று பிரித்துக் கேட்டு, அந்தந்தக் காலத்தின் வாரங்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் பதில் சொல்பவர் இப்போது நடக்கும் பருவத்தையே ஆண்டு முழுவதற்கும் நீட்டிவிடுவார்.

இப்போது ஓர் ஆசிரியர் நம் கேள்வியில் ஒரே ஒரு சொற்றொடரை மாற்றுகிறார். மாரடைப்பு வேண்டாம், இந்தக் குப்பங்களில் பெண்கள் சராசரியாக எவ்வளவு புரதம் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொல் என்கிறார். விடை உடனே மாறிவிடுகிறது. இப்போது ஒரு தடவை ரீகால் எடுத்தாலே போதும், ஆளுக்கு ஒரு நாள் வீதம். இன்று ஒருவர் நிறையச் சாப்பிட்டிருப்பார், இன்னொருவர் குறைவாக. போதுமான பேரைக் கேட்டால் மேலும் கீழும் கழிந்து ஊர்ச் சராசரி சரியாக வந்துவிடும். எல்லா நாளும் எல்லாப் பருவமும் கேள்விக்குள் வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வினாப்பட்டியலின் தோராயக் கிராம் இங்கே உதவாது.

மறுபடி ஒரு மாற்றம். சராசரி வேண்டாம், எத்தனை சதவீதப் பெண்களுக்குப் புரதம் போதவில்லை என்று சொல் என்கிறார். ஒரு நாள் ரீகாலே இதற்கும் போதும் என்று தோன்றும், அங்கே மறுபடி வழுக்கும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரையில் சராசரித் தேவை ஏறத்தாழ 36 கிராம். நம் குப்பத்தில் உண்மையான வழக்கம் சராசரியாக 48 கிராம், ஆளுக்கு ஆள் திட்ட விலக்கம் 12 என்று வைத்துக்கொள்வோம். அப்போது 36-க்குக் கீழே இருப்பவர்கள் 16 சதவீதம். ஒரு நாள் கணக்கிலோ ஆளுக்குள் மாறுபாடும் சேர்ந்துகொள்கிறது. முன்பு வைத்த அதே மூன்று மடங்குக் கணக்கில் திட்ட விலக்கம் 24 ஆகிவிடும். சராசரி 48-லேயே இருக்கும், ஆனால் 36-க்குக் கீழே 31 சதவீதம் பேர் போய்விடுவார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தாளில் மட்டும் பற்றாக்குறைக்காரர்கள். அன்று மீன் கிடைக்காதவர்கள், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய எல்லோரையும் பல நாள் கேட்க வேண்டியதில்லை. எல்லோரிடமும் ஒரு நாள், அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் இடைவெளி விட்டு இன்னொரு நாள். அந்த இரண்டாவது நாளிலிருந்து ஆளுக்குள் மாறுபாடு எவ்வளவு என்று கணக்கிட்டு, மொத்தப் பரவலிலிருந்து அதைக் கழித்துவிடலாம். பரவல் சுருங்கி 16 சதவீதத்தின் பக்கத்தில் வந்து நிற்கும். ஓர் ஆய்வறிக்கையில் “இத்தனை சதவீதம் பேருக்குப் பற்றாக்குறை” என்ற வரியைக் கண்டால், இரண்டாவது நாள் எடுத்தார்களா என்பதே நாம் தேட வேண்டிய வரி.

மறதியும் மறைப்பும் எங்கே போயின என்று நீங்கள் கேட்கலாம். அவை இருக்கின்றன. நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் நாள்களைக் கூட்டினால் குறையும், ஆனால் ஒருவர் எப்போதுமே குறைத்துச் சொன்னால் நூறு நாள் கேட்டாலும் குறையாது. வினாப்பட்டியலை ரீகாலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதிலும் இந்தச் சிக்கல் உண்டு. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருபவை, இரண்டிலும் அதே குறைப்பு இருந்தால் அவை ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். அதனால் வாயை விட்டு உடலைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 484 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியான ஓபன் ஆய்வில், கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கவைத்து, உடல் செலவிட்ட ஆற்றலை நேராக அளந்தார்கள். ரீகாலில் ஆண்கள் 12 முதல் 14 சதவீதமும், பெண்கள் 16 முதல் 20 சதவீதமும் ஆற்றலைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். வினாப்பட்டியலில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வினாப்பட்டியலின் கிராமை நம்பக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

கடைசியாக ஆசிரியர் இன்னொன்றைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: இந்தக் குப்பங்களில் உப்பு எவ்வளவு சாப்பிடுகிறார்கள்? கருவாடு இருக்கிற ஊர், கேட்கவேண்டிய கேள்விதான். இதற்கு நான்கு விடைகளில் ஒன்றும் பொருந்தாது. குழம்பில் கைப்பிடியால் போட்ட உப்பையும், கருவாட்டைக் கழுவிய தண்ணீரோடு போன உப்பையும், தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்ட உப்பையும் யாராலும் சொல்ல முடியாது. இங்கே 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோடியத்தை அளக்க வேண்டும். உண்ட சோடியத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் அதில் வந்துவிடும். ஒரு கிராம் உப்பில் 17 மில்லிமோல் சோடியம். சிறுநீரில் 150 மில்லிமோல் இருந்தால் ஏறத்தாழ 8.8 கிராம் உப்பு, வராமல் போன பங்கையும் சேர்த்தால் பத்துக் கிராமை நெருங்கும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள்.

அந்தக் கணக்கும் வெயிலில் கொஞ்சம் ஆடும். படகில் நாள் முழுக்க வியர்ப்பவருக்குச் சோடியம் வியர்வையிலும் போகிறது, ஆகவே சிறுநீர் அவருடைய உப்பைக் குறைத்துக் காட்டும். இரவில் வலைக்குப் போகிறவர் சேகரிப்புக் குப்பியைப் படகிலும் கூடவே வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை விட்டுவிட்டாலும் அந்த நாள் கணக்கு குறைந்துவிடும். அதனால் மொத்த அளவு 500 மில்லிலிட்டருக்கும் கீழே இருக்கும் குப்பிகளைச் சந்தேகத்துடன் தனியே எடுத்து வைத்து, அந்த ஆளிடம் மறுபடி ஒரு நாள் சேர்க்கச் சொல்வார்கள்.